கரிக்கும் பனிக்கும் நடுவில்: ஆல்பிடோ எண்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரி கறுப்பு, பனி வெள்ளை. டெக்ஸ்ச்சரில் கரிக்கு 0, பனிக்கு 255 என்று வைத்தால் என்ன தப்பு?

அளந்து பார்த்தால் இரண்டுமே அந்த எண்களில் இல்லை. ஒரு பரப்பின் மேல் விழும் ஒளியில் எவ்வளவு பங்கு திரும்பி வருகிறதோ அதுதான் ஆல்பிடோ. மரக்கரி தன் மேல் விழுவதில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. புதிதாகப் போட்ட தார்ச்சாலையும் கிட்டத்தட்ட அதேதான். வண்டிகள் ஓடித் தேய்ந்து வெளிறிய பிறகு அது 12 சதவீதத்துக்கு வந்துவிடும். வெறும் மண் 17, பாலைவன மணல் 40, புது கான்கிரீட் 55. இப்போதுதான் விழுந்த பனி 80 முதல் 90 சதவீதம்.

ஆக, கையால் தொடக்கூடிய சாதாரணப் பொருள்கள் ஏறக்குறைய எல்லாமே 0.04-க்கும் 0.9-க்கும் நடுவில் அடங்கிவிடுகின்றன. இது 22 மடங்கு வித்தியாசம்தான், ஒளி இரு மடங்காவதை ஒரு ஸ்டாப் என்னும் கேமரா கணக்கில் நாலரை ஸ்டாப். ஆனால் உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் இருக்கும். விளக்கு போட்ட அறையில் சில நூறு லக்ஸ்தான். கண்ணுக்குத் தெரியும் பெரிய வெளிச்ச வேறுபாடுகளை உண்டாக்குவது பொருளின் நிறம் அல்ல, அதன் மேல் விழும் ஒளி. இதற்கு நிலா நல்ல சாட்சி: அதன் ஆல்பிடோ சுமார் 0.12, தேய்ந்த தார்ச்சாலை அளவு. வெயிலில் நிற்கும் தார் நிறப் பாறை, சுற்றி இருட்டு என்பதால் வெள்ளையாகத் தெரிகிறது.

பிபிஆர் எஞ்சின், அதாவது ஒளியை இயற்பியல் விதிப்படி கணக்கிடும் எஞ்சின், இந்தப் பிரிவினையை நம்பித்தான் கணக்குப் போடுகிறது. பொருளின் பங்கை டெக்ஸ்ச்சரில் சொல்கிறோம், வெளிச்சத்தின் பங்கை லைட் சொல்கிறது. டெக்ஸ்ச்சரில் 0 அல்லது 255 வைக்கும்போது லைட் செய்ய வேண்டிய வேலையையும் டெக்ஸ்ச்சருக்குள்ளேயே செய்துவிடுகிறோம்.

0.04 என்றால் கலர் பிக்கரில் 10-ஆ? 255-இல் 4 சதவீதம் அவ்வளவுதானே வருகிறது?

இல்லை, 56. மேலே சொன்ன விகிதங்கள் எல்லாம் லீனியர் எண்கள், ஒளியின் அளவுக்கு நேர் விகிதத்தில் இருப்பவை. பிக்கரில் நாம் பார்ப்பது sRGB எண், அது வளைந்த அளவுகோல். கண் இருட்டுப் பகுதியில் நுணுக்கமாகப் பார்ப்பதால் அந்தப் பகுதிக்கு அதில் அதிக இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். sRGB 128 என்பது பாதி அல்ல, சுமார் 0.22. மாற்றிப் பார்க்க இது போதும்:

```python
def linear(v):
    c = v / 255
    return c / 12.92 if c <= 0.04045 else ((c + 0.055) / 1.055) ** 2.4
```

`linear(50)` கொடுத்தால் 0.032 வரும், `linear(240)` கொடுத்தால் 0.87. நிறமுள்ள பிக்சல் என்றால் மூன்று சேனலையும் தனித்தனியே மாற்றிக்கொள்ளுங்கள். 8 பிட் எண்களை அப்படியே சராசரி எடுத்தால் விடை தப்பாக வரும்.

யூனிட்டி 50 முதல் 243 என்கிறது, சப்ஸ்டன்ஸ் கையேடு 30 கூடப் போகலாம் என்கிறது. யாரை நம்புவது?

இரண்டும் ஒன்றை ஒன்று மறுக்கவில்லை. போட்டோ எடுப்பவர்கள் வைத்திருக்கும் 24 கட்ட கலர்செக்கர் அட்டையில் வெள்ளைக் கட்டம் சுமார் 90 சதவீதம், கறுப்புக் கட்டம் சுமார் 3 சதவீதம் பிரதிபலிக்கிறது. sRGB-யில் சொன்னால் 243, 52. யூனிட்டியின் எல்லை இதோடு ஒட்டி நிற்பதைக் கவனியுங்கள். அச்சு மையும் பெயின்டும் நடைமுறையில் தொடும் எல்லை அது.

30 எங்கிருந்து வருகிறது என்றால், கரியின் 4 சதவீதம் என்பது திரும்பி வரும் மொத்த ஒளி. அதில் ஒரு பகுதி பொருளுக்குள் போகாமல் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்புவது, அதாவது ஸ்பெகுலர். எஞ்சின் அதைத் தனியாகச் சேர்த்துக்கொள்கிறது. `Base Color`-இல் பொருளுக்குள் போய்ச் சிதறித் திரும்பும் டிஃப்யூஸ் பங்கை மட்டும்தான் கொடுக்கிறோம். அன்ரியல் தன் அட்டவணையில் கரிக்கு 0.02 போட்டிருக்கிறது; அது sRGB-யில் 39. அதனால் கரி, புதுத் தார் போன்ற சில பொருள்களுக்கு மட்டும் 30-களில் இறங்குவதில் தப்பில்லை. கறுப்புப் பெயின்ட், கறுப்பு பிளாஸ்டிக், கறுப்புத் துணிக்கெல்லாம் 50-ஐத் தாண்டிக் கீழே போகாமல் இருப்பதுதான் என் பழக்கம். இன்னொரு காரணமும் உண்டு. பின்னால் யாராவது அழுக்கு மாஸ்க், வெர்டெக்ஸ் கலர், டின்ட் என்று அதன் மேல் பெருக்கிக்கொண்டே போவார்கள். 30-இல் தொடங்கினால் கடைசியில் எதுவும் மிஞ்சாது.

ஆல்பிடோ அட்டவணையில் புல் 0.25 என்று போட்டிருக்கிறது. அதையே வைத்தால் புல்வெளி வெளிறிப்போகிறதே?

இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான அட்டவணைகள் வானிலை, காலநிலை ஆய்வுக்காகப் போட்டவை. சூரியனிலிருந்து வரும் மொத்த ஆற்றலில் எவ்வளவு திரும்புகிறது என்பது அவர்கள் கேள்வி. சூரிய ஆற்றலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு.

பச்சை இலை அண்மை அகச்சிவப்பில் விழுவதில் ஏறக்குறைய பாதியைத் திருப்பிவிடும். கண்ணுக்குத் தெரியும் பச்சையில் சுமார் 10 சதவீதம்தான் வரும், சிவப்பிலும் நீலத்திலும் அதில் பாதி. இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்ததால்தான் 0.25. நம் டெக்ஸ்ச்சரில் இருப்பது கண்ணுக்குத் தெரியும் மூன்று சேனல் மட்டுமே, அதனால் இலைக்கு அந்த எண்ணைப் பயன்படுத்தவே கூடாது. பனி இதற்கு நேர் எதிர். அகச்சிவப்பை நிறைய விழுங்கிவிடும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் புதுப்பனி 0.9-க்கு மேலேயே போகும். கல், கான்கிரீட், தார் போன்றவற்றில் வித்தியாசம் இவ்வளவு பெரிதில்லை, அட்டவணையை ஓரளவு நம்பலாம். செடி கொடி என்றால் அளந்து பார்ப்பதே நல்லது.

வெள்ளைச் சுவருக்கு 255 கொடுத்தேன். அறை முழுக்க வெளுத்துத் தட்டையாகிவிட்டது, மூலைகூடத் தெரியவில்லை. சுவர் கொஞ்சம் வெள்ளை கூடியதற்கா இவ்வளவு?

ஆமாம், அதற்குத்தான். ஒரு சுவரில் பட்ட ஒளி எதிர்ச்சுவருக்குப் போகிறது, அங்கிருந்து கூரைக்கு, கூரையிலிருந்து மறுபடி சுவருக்கு. ஒவ்வொரு முறையும் ஆல்பிடோவால் பெருக்கப்படுகிறது. நாலு பக்கமும் மூடிய, எல்லாப் பரப்பும் ஒரே ஆல்பிடோ ρ உள்ள அறையில், நேரடியாக விழுந்த ஒளியை 1 என்று வைத்தால் கடைசியில் சேரும் மொத்தம் இது:

```
1 + ρ + ρ² + ρ³ + ... = 1 / (1 − ρ)
```

ρ 0.5 என்றால் மொத்தம் 2. 0.8 என்றால் 5. 0.9 என்றால் 10. பிக்கரில் 0.8 என்பது 231, 0.9 என்பது 243. பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் இரண்டுக்கும் வித்தியாசம் சிறிதுதான், ஆனால் அறையின் வெளிச்சம் இரண்டு மடங்காகிறது. 1.0 வைத்தால் கீழே உள்ள பகுதி பூஜ்யம். ஒளி எங்கும் குறையாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், கணக்குக்கு முடிவே இல்லை.

நிஜ அறையில் ஜன்னல் உண்டு, தரை உண்டு, அதனால் முடிவிலிக்குப் போகாது. ஒரு அறையை எடுத்துப் பார்ப்போம்: 4 மீட்டருக்கு 5 மீட்டர், உயரம் 3 மீட்டர். மொத்தப் பரப்பு 94 சதுர மீட்டர். அதில் 4 சதுர மீட்டர் ஜன்னல். அதில் பட்ட ஒளி வெளியே போய்விடும், ஆல்பிடோ 0. தரை 20 சதுர மீட்டர், 0.2 என்று வைப்போம். மீதி 70 சதுர மீட்டர் வெள்ளைச் சுவரும் கூரையும்.

நல்ல வெள்ளை பெயின்ட் 0.8 என்று போட்டால் பரப்புக்கேற்ற சராசரி 0.64, பெருக்கம் சுமார் 2.8. சுவரையும் கூரையையும் 1.0 ஆக்கினால் சராசரி 0.79, பெருக்கம் 4.7. அறையே 1.7 மடங்கு வெளிச்சம், முக்கால் ஸ்டாப். இதைக்கூட எக்ஸ்போஷரில் சரிசெய்துவிடலாம் என்று தோன்றும். சரிசெய்ய முடியாதது இன்னொன்று. நேரடி ஒளி 1 அப்படியே இருக்க, தெறித்து வரும் ஒளி 1.8-லிருந்து 3.7 ஆகிவிட்டது. மேசைக்கு அடியிலும் மூலையிலும் வருவது தெறித்த ஒளி மட்டும்தான். அது இரண்டு மடங்கானால் நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் இடையிலான இடைவெளி சுருங்கிவிடும். உங்கள் மூலை காணாமல் போனது இதனால்தான். எக்ஸ்போஷரைக் குறைத்தால் தட்டையான படம் இருட்டாகும், அவ்வளவே. ஜன்னலுக்கு வெளியே உள்ள காட்சியும் கூடவே இருண்டுபோகும்.

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. பிளெண்டர் சைக்கிள்ஸில் டிஃப்யூஸ் பவுன்ஸ், அதாவது ஒளி எத்தனை முறை தெறிக்கலாம் என்ற எண்ணிக்கை, இயல்பாக 4. அதையும் அதற்கு மேலே உள்ள `Total` எண்ணையும் 32 ஆக்கி மறுபடி ரெண்டர் செய்யுங்கள். மேலே சொன்ன 0.8 சுவர் அறையில் வெளிச்சம் ஏறக்குறைய 12 சதவீதம் கூடும். 1.0 சுவர் அறையில் 40 சதவீதத்துக்கு மேல் கூடும். பவுன்ஸ் எண்ணைத் தொட்டதும் படம் இப்படித் துள்ளினால், எங்கோ ஆல்பிடோ அளவு மீறியிருக்கிறது. பாத் டிரேசர் மெதுவாகி, இரைச்சல் அடங்க மறுப்பதும் இதே நோயின் அறிகுறி. ஆற்றல் குறையக் குறையப் பாதையை வெட்டிவிடும் ரஷ்யன் ரூலெட் முறைக்கு, குறையவே குறையாத பாதையை வெட்ட வழியில்லை.

என் கேமில் பவுன்ஸே கிடையாது, நேரடி லைட் மட்டும்தான். அப்போ 255 வைக்கலாமா?

அப்போதும் ஒரு சிக்கல் இருக்கிறது, சிறியதுதான். உலோகம் அல்லாத பொருள்களுக்கு எஞ்சின் இயல்பாக 4 சதவீத ஸ்பெகுலர் சேர்க்கிறது (ஒளிவிலகல் எண் 1.5 என்றால் அவ்வளவு வரும்). பல ரியல்டைம் ஷேடர்கள் டிஃப்யூஸையும் ஸ்பெகுலரையும் அப்படியே கூட்டிவிடும். டிஃப்யூஸ் 1.0 என்றால் மொத்தம் 1.04, விளிம்புக் கோணத்தில் இன்னும் மேலே போகும். விழுந்ததைவிட அதிகமாக ஒளி திரும்புகிறது. புளூம் போட்டிருந்தால் அந்தச் சுவர் விளக்கு மாதிரி ஒளிவிடத் தொடங்கும்.

முழுச் சிவப்பு 255, 0, 0 பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சேனலில் தூய வெள்ளையின் சிக்கலும், மற்ற இரண்டில் தூய கறுப்பின் சிக்கலும் ஒரே பிக்சலில் சேர்ந்தது அது. பச்சை விளக்கின் கீழ் அதன் டிஃப்யூஸ் மொத்தமாக மறைந்துவிடும். நிஜத்தில் எந்தச் சிவப்புப் பெயின்டும் அப்படி மறைவதில்லை.

டயருக்குக் கறுப்பு கொடுத்தால் ஓட்டை மாதிரி தெரிகிறது. லைட்டைக் கூட்டினாலும் மாறவில்லை. என்ன செய்வது?

லைட்டை எவ்வளவு கூட்டினாலும் மாறாது. பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம். ஆனால் அந்த டயர் முழுக்கக் கறுப்பாகவும் இருக்காது என்பதைக் கவனித்திருப்பீர்கள். அங்கங்கே பளபளப்பு மட்டும் தெரியும், நனைந்த பிளாஸ்டிக் போல. டிஃப்யூஸ் செத்துவிட்டது, அந்த 4 சதவீத ஸ்பெகுலர் மட்டும் உயிரோடு இருக்கிறது.

உருண்டையான பொருளின் வடிவம் நமக்குப் புரிவது, வெயில் பக்கத்திலிருந்து நிழல் பக்கத்துக்கு ஒளி படிப்படியாக மங்குவதால்தான். அதைச் செய்வது டிஃப்யூஸ். அது இல்லையென்றால் டயரின் வளைவு போய்விடும். செம்மண் தரையிலிருந்து அடிப்பக்கத்தில் ஏறும் சிவப்புச் சாயல் போய்விடும். நார்மல் மேப்பில் கஷ்டப்பட்டுப் போட்ட பள்ளங்களும் பளபளப்பு விழும் இடத்தில் மட்டுமே தெரியும்.

சுத்தமாக 0 இல்லை, 10-க்கும் 20-க்கும் இடையில் விவரம் வரைந்திருக்கிறேன் என்பார்கள் சிலர். லீனியரில் அது 0.003-க்கும் 0.007-க்கும் இடையில். அந்த வித்தியாசம் 0.004 மட்டுமே, ஸ்பெகுலரின் 0.04-இல் பத்தில் ஒரு பங்கு. வானத்தின் பிரதிபலிப்பு மேலே படிந்ததும் நீங்கள் வரைந்தது எதுவும் மிஞ்சாது. டெக்ஸ்ச்சர் கம்ப்ரெஷனும் அந்த இருண்ட மூலையில்தான் முதலில் கட்டம் கட்டமாக உடையும்.

இதன் பிறகு நடப்பதுதான் பெரிய தொல்லை. லைட்டிங் செய்பவர் டயர் தெரியட்டும் என்று ஒரு ஃபில் லைட் வைப்பார். டயர் மாறாது, பக்கத்தில் உள்ள சுவர் வெளுக்கும். காட்சியில் இப்படி இருண்ட பொருள் நிறைய இருந்தால் ஆட்டோ எக்ஸ்போஷரும் ஏமாந்து மொத்தப் படத்தையும் தூக்கிவிடும், வானம் எரிந்துபோகும். டயரை 50-க்கும் 60-க்கும் இடையில் வைத்து, கறுப்பாகத் தெரிய வேண்டிய பொறுப்பை லைட்டிடமும் எக்ஸ்போஷரிடமும் விடுங்கள். பக்கத்தில் 0.5 கான்கிரீட் இருந்தால் அந்த 50 நன்றாகவே கறுப்பாகத் தெரியும். டெக்ஸ்ச்சரைத் தனியாகத் திறந்து பார்க்கும்போது சாம்பலாகத் தெரிவதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

வான்டாபிளாக், வெல்வெட் எல்லாம் 4 சதவீதத்துக்குக் கீழே போகிறதே?

போகிறது. 2014-இல் வந்த வான்டாபிளாக் 99.965 சதவீதம் ஒளியை விழுங்கும். கறுப்பு வெல்வெட் 1 சதவீதத்துக்கும் குறைவாகத் திருப்பும். மேல் பக்கத்திலும் விதிவிலக்கு உண்டு. ஒளி அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஸ்பெக்ட்ரலான் 99 சதவீதம் பிரதிபலிக்கும்.

வெல்வெட் கறுப்பாவதற்குக் காரணம் நிறம் மட்டும் அல்ல. நிமிர்ந்து நிற்கும் இழைகளுக்கு நடுவே ஒளி மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் தீர்ந்துபோகிறது. இழைகளை உண்மையாகவே மாடல் செய்திருந்தால், ஒவ்வொரு இழைக்கும் சாதாரண அடர்நிறம் போதும், மீதியை ரெண்டரே செய்துவிடும். தட்டையான துணியாக வைத்திருந்தால் மட்டும் எண்ணைக் கீழே இறக்குங்கள், கூடவே ஸ்பெகுலரையும் குறைக்க மறக்காதீர்கள்.

தங்கத்துக்கு சிவப்பு சேனல் 255 வருகிறதே, அது தப்பா?

தப்பில்லை. மெட்டல் 1 என்று வைத்ததும் `Base Color`-இன் அர்த்தமே மாறிவிடுகிறது. உலோகத்துக்குள் போகும் ஒளி அங்கேயே தீர்ந்துவிடும், டிஃப்யூஸ் என்று எதுவும் திரும்பாது. அதனால் அந்த எண் நேருக்கு நேர் பிரதிபலிப்பின் அளவாகிவிடும். தங்கம் லீனியரில் 1.0, 0.77, 0.34. வெள்ளி சுமார் 0.97, 0.96, 0.92. இரும்பு மூன்று சேனலிலும் 0.56-ஐ ஒட்டி, sRGB-யில் 197. உலோகத்தில் பயப்பட வேண்டியது இருட்டுப் பக்கம்தான். ஒரு உலோகத்தின் மூன்று சேனலும் 180-க்குக் கீழே வந்தால், பெரும்பாலும் அது உலோகமே அல்ல: மேலே துரு, பெயின்ட், எண்ணெய் அழுக்கு. அந்த இடத்தில் மெட்டல் 0 ஆக இருக்க வேண்டும்.

கருவி வாங்காமல் நானே ஒரு பொருளின் ஆல்பிடோவை அளக்க முடியுமா?

ஒரு 18 சதவீத சாம்பல் அட்டை, ரா ஃபைல் தரும் கேமரா இருந்தால் போதும். மேகம் மூடிய நாளில், அட்டையைப் பொருளின் மேலேயே, அதே சாய்வில் படுக்க வைத்து எடுங்கள். ராவை லீனியராகத் திறக்க வேண்டும். கேமரா தரும் ஜேபெக்கில் கான்ட்ராஸ்ட் வளைவு ஏற்கெனவே ஏறியிருக்கும், அது அளவுக்கு உதவாது.

ஒரு தார்ச்சாலை என்று வையுங்கள். அட்டையின் லீனியர் சராசரி 0.31, தாரின் சராசரி 0.062 என்று வந்தால்:

```
0.062 × 0.18 / 0.31 = 0.036
```

sRGB-யில் 53. புதுத் தாருக்கு நியாயமான எண். ஒரு பிக்சலைத் தொட்டு எடுக்காமல் உள்ளங்கை அகலப் பகுதியின் சராசரியை எடுங்கள். இந்த 0.036-இல் மேற்பரப்புப் பளபளப்பும் கொஞ்சம் கலந்திருக்கும். வழவழப்பான, ஈரமான பொருள் என்றால் அது பெரிய பிழையாகிவிடும். அதற்கு ஃபிளாஷ் முன்னால் ஒரு போலரைசர், லென்ஸில் அதற்குக் குறுக்காக இன்னொன்று வைத்து எடுப்பார்கள். ஸ்பெகுலர் வெட்டுப்பட்டு டிஃப்யூஸ் மட்டும் மிஞ்சும்.

என்னிடம் பழைய டெக்ஸ்ச்சர் நூற்றுக்கணக்கில் இருக்கிறது. லெவல்ஸ் போட்டு ஒவ்வொன்றையும் 50 முதல் 240 வரை பரப்பிவிடலாமா?

வேண்டாம். அப்படிச் செய்தால் கரியும் 50-லிருந்து 240 வரை விரியும், சுவரும் 50-லிருந்து 240 வரை விரியும். எல்லைக்குள் இருக்கும், ஆனால் எதுவும் அந்தப் பொருளாக இருக்காது. முதலில் சராசரியைப் பாருங்கள். தேய்ந்த தார் என்றால் லீனியர் சராசரி 0.1-ஐ ஒட்டி வர வேண்டும். வராவிட்டால் லீனியரில் மொத்தமாகப் பெருக்கி அங்கே கொண்டுவாருங்கள்.

அதற்குப் பிறகும் கீழே இறங்கும் பிக்சல்கள் பெரும்பாலும் செங்கல் இடுக்கு, விரிசல், கல்லுக்கு அடியில் உள்ள நிழல். அவை பொருளின் நிறமே அல்ல, போட்டோ எடுத்த நாளின் வெளிச்சம். அந்த இருட்டை ஆல்பிடோவிலிருந்து எடுத்து ஆம்பியன்ட் அக்லூஷன் மேப்பில் போடுங்கள். இடுக்குக்குள்ளும் இருப்பது அதே செங்கல், அதே சாந்து. அவற்றின் ஆல்பிடோவும் அதேதான். மேலே 240-ஐத் தாண்டுபவை ஈரப் பளபளப்பாகவோ வெயில் பட்ட விளிம்பாகவோ இருக்கும். அவற்றை அக்கம்பக்கத்து நிறத்தால் மூடிவிட்டு ரஃப்னஸ் மேப்பில் சரிசெய்யலாம். யூனிட்டியின் பில்ட்-இன் பைப்லைனில் வேலை செய்பவர்கள் சீன் வியூவில் `Validate Albedo` போட்டுப் பார்த்தால் எந்த இடம் மீறுகிறது என்று நிறம் காட்டும். ஆனால் இயல்பு நிலையில் அது எல்லையை மட்டும்தான் பார்க்கும். 0.5 சாம்பலில் கிடக்கும் கரியை அது சரி என்றே சொல்லும்.